காகிதப் பொட்டலம் பிரிக்கும் வீடியோ: கட்டும்போதே பாதி வேலை முடிந்துவிடும்

"அக்கா, சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் தேங்காய் எண்ணெய் சோப்பும் சீயக்காய்ப் பொடியும் விற்கிறேன். பிளாஸ்டிக் இல்லாமல் எல்லாமே பழுப்புக் காகிதத்தில்தான் கட்டுகிறேன். பொட்டலத்தைக் கை பிரிக்கிற மாதிரி ஹேண்ட்போனில் ஒரு வீடியோ எடுத்தால் காகிதம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது, கை கறுத்துப் போகிறது, பிரிக்கும்போது காகிதம் கண்டபடி கிழிகிறது. என்ன செய்வது?"

கிழிகிற விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன் தங்கச்சி. நிறமும் வெளிச்சமும் ஹேண்ட்போனில் பத்து நிமிட வேலை. பொட்டலம் கோணலாகக் கிழிந்தால் அதை எந்தக் கேமராவாலும் காப்பாற்ற முடியாது.

காகிதத்துக்கு ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ், ஓடுகிற வலையின்மேல் விழும்போது நார்களில் பெரும்பாலானவை வலை ஓடுகிற திசையிலேயே படுத்துவிடும். அந்தத் திசையில் கிழித்தால் காகிதம் ஓரளவு நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. உங்களிடம் இருக்கிற காகிதத்தில் ஒரு துண்டை எடுத்து நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை கிழித்துப் பாருங்கள், எது நேராக வருகிறதோ அதுதான் ஓட்டம். சுருளாக வாங்கினால் சோதிக்கவே வேண்டாம், சுருள் விரிகிற நீளவாக்கில்தான் ஓட்டம் இருக்கும். மடிப்பும் அப்படித்தான்: ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு கத்திபோலக் கூராக நிற்கும், குறுக்கே மடித்தால் கொஞ்சம் தடித்த காகிதத்தில் மடிப்பின் மேலே நார் வெடித்துப் பிசிறுபிசிறாகத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வெடிப்பு இன்னும் பளிச்சென்று தெரியும்.

இப்போது உங்கள் பொட்டலத்துக்கே வருவோம். மூன்று சோப்பும் ஒரு சீயக்காய்ப் பொடிப் பையும் சேர்ந்தால் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 14 அகலம், 6 உயரம் வரும் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தைச் சுற்றி ஒரு சுற்று 40 செ.மீ. அதோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு 4, ஓரத்தை உள்ளே மடிக்க 1, ஆக 45. இன்னொரு பக்கம் நீளம் 20, இரண்டு முனையிலும் மடித்து மூட ஐந்தைந்து, ஆக 30. அதாவது 45-க்கு 30 காகிதம். இதில் 30 செ.மீ. வருகிற பக்கம் சுருளின் நீளவாக்கில் இருக்கும்படி வெட்டுங்கள். அப்போது பொட்டலத்தின் நீண்ட விளிம்போடு ஓட்டம் போகும், நீளவாக்கில் உள்ள எல்லா மடிப்பும் கூராக விழும், வாடிக்கையாளர் பொறுமை இழந்து கிழித்தாலும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு மாதிரி நேராகக் கிழிந்துவிடும்.

காகிதத்தின் கனத்தை 70, 80 ஜிஎஸ்எம் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 120-க்குப் போனால் மடித்த இடத்தில் நிற்காமல் தானாக எழுந்துகொள்ளும். கை எடுத்ததும் மடல் துள்ளித் திறந்தால் பிரிக்கிற காட்சிக்கு என்ன வேலை? ரொம்ப மெல்லியதாக இருந்தால் சோப்பின் முனை குத்தி ஓட்டை விழும்.

இணைப்பு வருகிற பக்கம் மேலே இருக்கட்டும். பரிசுப் பொருள் கட்டுகிற பழக்கத்தில் எல்லோரும் இணைப்பை அடியில் மறைத்துவிடுகிறோம், அப்புறம் வீடியோவில் பொட்டலத்தைப் புரட்டி, தேடி, நகத்தால் பிறாண்டி என்று ஆறேழு நொடி வீணாகிறது. மேல் மடலின் ஓரத்தை ஒரு செ.மீ. உள்ளே மடித்து, அந்த மடித்த ஓரம் உங்கள் பக்கம் பார்த்த மாதிரி வையுங்கள். கட்டைவிரலை அடியில் நுழைத்தால் போதும், மடல் முழு நீளத்துக்கும் ஒரே அசைவில் எழும். நடுவில் ஒரே ஒரு காகித முத்திரை. இரண்டு முனையையும் முக்கோணமாக மடித்து அடியில் தள்ளிவிடுங்கள், கயிறு பிடித்துக்கொள்ளும்.

ஒட்டுநாடா என்று பார்த்தால், தண்ணீர் தொட்டு ஒட்டுகிற காகித நாடா பெட்டிக்கு அருமை, இந்தக் காட்சிக்கு ஆகாது. அதன் பசை காகித நாரோடு ஒன்றிப்போகும், உரிக்கவே வராது, கத்தியால்தான் வெட்ட வேண்டும். கத்தி வந்துவிட்டால் பார்க்கிறவர் கண் கத்தியிலேயே இருக்கும். தானே ஒட்டுகிற பழுப்பு நாடாவோ உரியும்போது காகிதத்தின் மேல் தோலைப் பெயர்த்துக்கொண்டு வரும், அந்த இடம் பஞ்சு பஞ்சாக நிற்கும். அதனால் முத்திரையைச் சின்னதாக வைத்து, ஒரு பக்கத்தில் அரை செ.மீ. ஒட்டாமல் மடித்துவிடுங்கள், விரல் பிடிக்க ஒரு காது கிடைக்கும். மைதாப் பசையில் முத்திரை ஒட்டுவது நம் வீட்டுப் பழக்கம்தான், வீடியோவுக்கும் நன்றாக இருக்கும், ஆனால் அனுப்புகிற பொட்டலத்தில் வேண்டாம், இரண்டு நாள் கிடங்கில் கிடந்தால் எறும்பு வரும், ஈரத்தில் பூசணமும் பிடிக்கும்.

கயிறு சணலில், 2 மி.மீ. தடிமனில். நீளவாக்கில் ஒரு சுற்று 52, அகலவாக்கில் 40, முடிச்சுக்கு ஒரு 35 என்று போட்டால் 130 செ.மீ. வெட்டினால் சரியாக வரும். முடிச்சு ஒரு பக்க வாலை இழுத்தால் அவிழ்கிற பூமுடிச்சாக இருக்கட்டும், இரட்டை முடிச்சு போட்டுவிடாதீர்கள். இழுக்க வேண்டிய வாலைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், நடிக்கிற கை குழம்பாது.

கட்டிய பொட்டலத்தைக் காலையிலேயே வெளியில் வைத்துவிட வேண்டாம். நம் ஊர்க் காலை ஈரம் தெரியும்தானே, காகிதம் அதை உறிஞ்சித் துவண்டுபோகும். துவண்ட காகிதம் சரசரக்காது, மடிப்பும் தளர்ந்து தொய்யும். பெரிய பிஸ்கட் டின்னில் சிலிக்கா பொட்டலம் இரண்டு மூன்று போட்டு, முந்தின நாளே கட்டியதை அதில் அடைத்து வைத்து, எடுக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். சோப்புக்கும் இதே வியாதி இருக்கிறது. வீட்டில் செய்கிற சோப்பில் கிளிசரின் உள்ளேயே தங்கிவிடுவதால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வியர்க்கும், சுற்றியிருக்கிற காகிதப் பட்டையில் கறை ஏறும். படமெடுக்கப் போகிற சோப்புக்குக் கடைசி நேரத்தில் புதுப் பட்டை சுற்றுங்கள்.

இனி நிறம். காகிதம் ஏன் சாம்பலாகிறது என்றால், ஹேண்ட்போன் கேமரா தன் முன்னால் இருப்பதைப் பார்த்து இது எந்த மாதிரி வெளிச்சம் என்று யூகிக்கிறது. படம் முழுக்கப் பழுப்புக் காகிதமும் மாநிறக் கையும் மர மேசையுமாக இருந்தால், ஓகோ, இது மஞ்சள் விளக்கு வெளிச்சம் போலிருக்கிறது என்று நினைத்து நீலத்தைச் சேர்த்துச் சமன்செய்கிறது. காகிதத்தின் பழுப்பு போய்விடும், கை சாம்பல் பூசியது போல ஆகும். இதில் இன்னொரு தொல்லை: வெள்ளை சோப்பு வெளியே வந்ததும் அந்த யூகம் மாறும், நடு வீடியோவில் நிறம் ஒரு தடவை தாவும். ஆகவே நிறச் சமநிலையைப் பூட்டித்தான் ஆக வேண்டும்.

ஐபோனில் விரலை அழுத்திப் பிடித்தால் வருகிற AE/AF LOCK வெளிச்சத்தையும் குவியத்தையும்தான் பூட்டும், நிறத்தைப் பூட்டாது. அதற்கு Settings, Camera, Record Video என்று போனால் கீழே Lock White Balance இருக்கும், ஐஓஎஸ் 17-லிருந்து வந்தது. அதை இயக்கிவிட்டு, பொட்டலம் வைக்கிற இடத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் படம் நிறைய வைத்து, இரண்டு மூன்று நொடி விட்டு நிறம் நிலைத்ததும் பதிவைத் தொடங்குங்கள், பிறகு தாளை எடுத்துவிட்டுப் பொட்டலத்தை வையுங்கள். முன்பகுதியை வெட்டி எறிந்தால் போயிற்று. ஆண்டிராய்டில் புரோ வீடியோ என்ற பிரிவு இருந்தால் WB என்பதை 5500 பக்கம் கையாலேயே வைத்துவிடலாம், மேகமூட்டமாக இருந்தால் 6500 வரை ஏற்றுங்கள். அந்தப் பிரிவே இல்லாத போன் என்றால் Blackmagic Camera என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது, எல்லா ஆண்டிராய்டிலும் ஓடாது, ஓடினால் அதிலேயே எல்லாவற்றையும் பூட்டலாம். எச்டிஆர் வீடியோவையும் அணைத்துவிடுங்கள், பதிவேற்றிய பிறகு சில போன்களில் நிறம் வெளிறித் தெரிவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

கை கறுப்பதற்குக் காரணம் மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் "சுத்தமாக" இருக்கட்டும் என்று எல்லோரும் அதைத்தான் விரிக்கிறார்கள். கேமரா படம் முழுக்க ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும், பாதிப் படம் வெள்ளை என்றால் மொத்தத்தையும் இருட்டாக்கும், நம் கை அதில் அடிபடும். வெள்ளையை எடுத்துவிட்டு மங்கிய பச்சையோ, சாம்பலோ, பழைய மரப்பலகையோ போடுங்கள். பழுப்புக் காகிதத்துக்கு அடியில் அதே பழுப்பு மரம் வந்தால் பொட்டலம் மேசையோடு கரைந்துவிடும், மரம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கட்டும்.

வெளிச்ச அளவைப் பூட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைச் சொல்லித்தர மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு பால் வெள்ளை. மூடிய பொட்டலத்தைப் பார்த்து அளவைப் பூட்டினால், மடல் திறந்து சோப்பு தெரிகிற அந்த நொடி, எதற்காக இவ்வளவு பாடும் படுகிறோமோ அந்த நொடி, சோப்பு வெறும் வெள்ளைத் திட்டாக வெளிறிவிடும், அதன்மேல் அச்சடித்த பெயர்கூடத் தெரியாது. அதனால் பொட்டலத்தைத் திறந்து வைத்து, சோப்பின்மேல் பெயர் படிக்கிற மாதிரி தெரிகிறதா, பக்கத்தில் கையின் ரேகை தெரிகிறதா என்று இரண்டையும் பார்த்து அந்த அளவில் பூட்டுங்கள். அப்புறம் மூடிய பொட்டலத்தை அதே இடத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஆரம்பம் ஒரு துளி இருட்டாக இருக்கும், இருக்கட்டும். திறக்கும்போது வெளிச்சமாவது இந்தக் காட்சிக்கு நல்லதுதான்.

எங்கே உட்கார்ந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நம் பக்கத்து வீடுகளில் பலர் முன்வாசல் கூரைக்கு அடியில் எடுப்பார்கள், வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று. அந்தக் கூரையில் பச்சையோ நீலமோ ஒளி ஊடுருவுகிற தகடு போட்டிருந்தால் அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள். பச்சை வெளிச்சத்தில் பழுப்புக் காகிதம் பாசி பிடித்த மாதிரி தெரியும், கையின் சிவப்பு செத்துப்போகும், அதைப் பிற்பாடு திருத்தப் போனால் சோப்பு ஊதாவாக மாறும். வாசலுக்கு எதிரே செம்பனை நெருக்கமாக இருந்தாலும் அதே பச்சை கொஞ்சம் வந்து விழும். உள்ளே ஜன்னல் ஓரம்தான் சரி. பழைய தோட்டத்து வீடுகளில் இருக்கிற நாக்கோ ஜன்னல் என்றால் கண்ணாடித் தகடுகள் வரிவரியாக நிழல் போடும், ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டித் தொங்கவிடுங்கள், வரி மறைந்து வெளிச்சம் மெத்தென்று விழும்.

ஜன்னல் உங்கள் இடது பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கட்டும். வலது கைக்காரர் எழுத உட்கார்கிற அதே கணக்கு, கையின் நிழல் பொட்டலத்தின்மேல் விழாது. பக்கத்திலிருந்து தாழ்வாக வருகிற வெளிச்சம்தான் காகிதத்தின் சொரசொரப்பையும் சணலின் பிசிறையும் மடிப்பின் ஓரத்தையும் எடுத்துக்காட்டும். தலைக்குமேல் இருக்கிற விளக்கில் இதெல்லாம் தட்டையாகிவிடும். வலது பக்கம் ரொம்ப இருண்டால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள், அவ்வளவுதான். நீங்கள் போட்டிருக்கிற சட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள், பளிச் மஞ்சளும் ரோஜாவும் காகிதத்தில் எதிரொலிக்கும்.

நேரம் என்று கேட்டால் காலை 8.30-லிருந்து 10.30 வரை. நம் மலேசியக் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால் இங்கே உச்சிவெயில் பகல் 1.15 வாக்கில்தான் வருகிறது, அந்நேரம் ஜன்னல் வெளிச்சம் பலவீனமாகிவிடும், அதற்குப் பிறகு பல நாள் மழை கட்டிவிடும், தகரக் கூரையில் மழை விழுந்தால் சத்தம் பதிவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. மேகம் போய் வருகிற நாளில் ஒரு மேகம் முழுக்கக் கடக்கும்வரை காத்திருந்து தொடங்குங்கள், பூட்டிய அளவில் நடுவில் வெயில் வந்தால் எல்லாம் வெளிறும்.

ராத்திரியில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் விளக்கில் எடுக்கலாம், ஆனால் வீட்டில் உள்ள எல்லா விளக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், சமையலறை மஞ்சளும் கூடத்து வெள்ளையும் கலக்கக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடியும் டியூப் லைட்டும் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் படத்தில் கோடு ஓடாது. மெதுவோட்டமாக நொடிக்கு 120 படமோ 240 படமோ எடுக்கிற ஆசை இருந்தால் அதைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேகத்தில் ஷட்டரை 1/100-க்கு இறக்கவே முடியாது, விளக்கில் எடுத்தால் துடிப்பு நிச்சயம்.

கேமரா வைக்கிற இடம் பெரிய வித்தை இல்லை, ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: கை படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவருக்குத் தன் கை பிரிக்கிற மாதிரி இருக்கும். போனை எதிரே வைத்து எடுத்தால் யாரோ எதிரில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள், நாம் வேடிக்கை பார்க்கிறோம். அதற்கு போன் உங்கள் தலைக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலிருந்து சரிவாகக் கீழே பார்க்க வேண்டும். நேர்மேலே இருந்து எடுத்தால் 6 செ.மீ. உயரப் பொட்டலம் தரையில் விழுந்த தாள்போலத் தட்டையாகிவிடும், கொஞ்சம் சரிந்தால் முன்பக்கச் சுவரும் தெரியும். அகலக் கோண லென்ஸ் வேண்டாம், விரல் எல்லாம் வாழைப்பழம் மாதிரி பருத்துத் தெரியும். 1x அல்லது 2x போதும். ஐபோனில் பக்கத்தில் போனதும் தானாக லென்ஸ் மாற்றுகிற மேக்ரோவை அணையுங்கள், இல்லையென்றால் கை உயரும்போது படம் குதிக்கும். செங்குத்து வீடியோவில் கீழ்ப்பகுதியில் எழுத்தும் வலது ஓரத்தில் பொத்தானும் ஏறிக்கொள்ளும், பொட்டலத்தை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள்.

கையில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவிக்கொண்டு உட்கார வேண்டாம். கை பளபளக்கும் என்று சிலர் செய்வார்கள், விரல் பட்ட இடமெல்லாம் காகிதத்தில் எண்ணெய்க் கறை கண்ணாடிபோல நிற்கும். முந்தின நாள் ராத்திரி தடவுங்கள், காலையில் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். நகத்தில் மஞ்சள் கறை இருந்தால் எலுமிச்சையால் தேயுங்கள். மருதாணி இருந்தால் இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடி வளையல் மட்டும் வேண்டாம், காகிதத்தின் சத்தத்தை அது தின்றுவிடும்.

எடுக்கிற வரிசை இப்படி. ஒரே மாதிரி கட்டிய பொட்டலம் ஒரு நான்கைந்து தயாராக இருக்க வேண்டும், ஒரு தடவை மடித்து விரித்த காகிதத்தில் பழைய மடிப்புக் கோடு தெரியும், அதைத் திருப்பிக் கட்டினால் ஏற்கெனவே பிரித்தது என்று யாருக்கும் புரிந்துவிடும். முதலில் ஆரம்பம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் ஒரு தடவை. கை வந்து சேர்வதைக் காட்ட வேண்டாம், விரல் ஏற்கெனவே கயிற்று வாலைப் பிடித்திருக்கிற இடத்திலேயே தொடங்குங்கள். வாலை இழுக்கிறோம், முடிச்சு அவிழ்கிறது, கயிறு இரண்டு பக்கமும் சரிகிறது. ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். முத்திரையின் காதைப் பிடித்து மெல்ல உரிக்கிறோம். கட்டைவிரல் மடலுக்கு அடியில் போகிறது, மடல் எழுகிறது, மறு பக்கம் விரிகிறது, இரண்டு முனையும் தானாகத் தளர்ந்து காகிதம் ஒரு தட்டுபோல விரிந்து கிடக்கிறது, நடுவில் சோப்பு. ஒரு சோப்பை எடுத்துப் பட்டையை நகர்த்திக் காட்டுகிறோம். நீங்கள் நிஜத்தில் செய்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள், வெட்டும்போது இருபது நொடிக்குள் வந்துவிடும். ரொம்ப மெதுவாகச் செய்தால் விரல் நடுங்கும், அதுவும் தெரியும்.

அடுத்த பொட்டலத்தில் கிட்டத்தில் வைத்து முடிச்சும் முத்திரையும் மட்டும், மூன்றாவதில் மடல் எழுகிற இடம் மட்டும். இதை எல்லாம் ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள், ஒரு மணிநேரம் கழித்து எடுத்தால் வெளிச்சத்தின் திசை மாறியிருக்கும், ஒட்டாது.

சத்தத்தைத் தனியாக எடுங்கள். படம் எடுக்கிற போன் ஒன்றிரண்டு அடி தள்ளி இருக்கிறது, அதில் காகிதச் சத்தத்தைவிடத் தெருவில் போகிற மோட்டார் சைக்கிளும் பக்கத்து வீட்டுச் சேவலும்தான் நன்றாகப் பதியும். மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, மீதி இருக்கிற பொட்டலத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனை மெத்தைமேல் வைத்து, அதே அசைவுகளைப் படம் இல்லாமல் திருப்பிச் செய்யுங்கள். கயிறு காகிதத்தில் உரசி இழுபடுகிற சத்தம், முத்திரை உரிகிற சத்தம், மடல் எழும்போது வருகிற ஒரு நீளச் சரசரப்பு, இந்த மூன்றும் கிடைத்தால் போதும், வெட்டும்போது படத்தின் அசைவோடு பொருத்தி ஒட்டிவிடலாம். பாட்டு போடுவதானால் இந்தச் சத்தத்துக்கு அடியில் தாழ்வாக ஓடட்டும்.

ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: சணல் கட்டிய இந்தப் பொட்டலத்தை வாடிக்கையாளருக்கு எப்படி அனுப்புகிறீர்கள்? கயிறு கட்டிய பொட்டலத்தை அப்படியே கூரியரில் கொடுக்க முடியாது, தரம்பிரிக்கிற இயந்திரத்தின் பட்டையில் கயிறு சிக்கும். பலர் முகப்பில் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது வீடியோவில் காகிதமும் கையில் பிளாஸ்டிக்குமாகப் போய்ச் சேரும், முதல் விமர்சனத்திலேயே யாராவது அந்த உறையைப் படமெடுத்துப் போடுவார்கள், "பிளாஸ்டிக் இல்லை" என்று நீங்கள் எழுதியதற்கு அடியிலேயே. மளிகைக் கடையில் கிடைக்கிற பழைய அட்டைப்பெட்டியை அளவுக்கு வெட்டி, அதற்குள் பொட்டலத்தை வைத்து, முன்னே சொன்ன தண்ணீர் நாடாவை ஒட்டுங்கள். நாடா வாங்கும்போது உள்ளே கண்ணாடி இழை ஓடாததாகப் பாருங்கள், இழை இருந்தால் பழைய காகிதம் வாங்குகிறவர்கள் விரும்ப மாட்டார்கள். அந்தப் பழைய பெட்டியைத் திறக்கிறதை வீடியோவின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு நொடி காட்டிவிட்டுப் பொட்டலத்துக்கு வந்துவிடுங்கள். மேலே ஏதாவது பிஸ்கட் பெயர் அச்சடித்திருந்தால் பெட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து ஒட்டுங்கள்.

பெட்டிமேல் கூரியர் சீட்டு ஒட்டியிருந்தால் அது நிஜ வாடிக்கையாளருடையதாக இருக்கக் கூடாது. பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கிறது, பட்டைக்குறியை வருடினாலும் விவரம் வரலாம், பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏதோ ஒரு கணத்தில் தெரிந்துவிடும். வெறும் தாளில் கடைப் பெயரை மட்டும் அச்சடித்து ஒட்டி எடுங்கள்.